அமெரிக்காவுக்குப் போகும் மிக்ஸி, ஊருக்கு வரும் ஹேர் டிரையர்: கன்வெர்ட்டர் எத்தனை வாட் வேண்டும்?

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கு மிக்ஸி எடுத்துப் போகிறவர்களும், அங்கிருந்து விடுமுறைக்கு ஹேர் டிரையரோடு ஊருக்கு வருகிறவர்களும் கடையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எத்தனை வாட் கன்வெர்ட்டர் வாங்கணும்?" மிக்ஸியில் 750 வாட் என்று போட்டிருக்கிறது, கன்வெர்ட்டரில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது, ஆகவே போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். உளுந்து போட்டு ஓட்டிய முதல் நாளே ஃபியூஸ் போகிறது. இன்னொருவர் உள்ளங்கைக்குள் அடங்கும் 2000 வாட் கன்வெர்ட்டரை வாங்கிப் போகிறார். அது மிக்ஸியைச் சுற்றவே வைப்பதில்லை.

வாட் கணக்கு கடினமானதில்லை. ஆனால் ஹேர் டிரையருக்கு ஒரு கணக்கு, மிக்ஸிக்கு வேறொரு கணக்கு. அதற்கும் முன்னால், எந்த வகைப் பெட்டி என்பதை முடிவு செய்தாக வேண்டும். வகை தவறினால் எத்தனை வாட் வாங்கினாலும் பயனில்லை.

## முதலில், கன்வெர்ட்டர் தேவைதானா?

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கொழும்பு, சிங்கப்பூர், லண்டன், துபாய் எல்லாமே ஏறக்குறைய இதே வோல்ட்தான். அங்கே பிளக்கின் வடிவம்தான் வேறு. சில நூறு ரூபாய் பிளக் அடாப்டர் போதும், கன்வெர்ட்டர் வேண்டாம்.

சிக்கல் வருவது அமெரிக்கா, கனடா, ஜப்பான், தைவான் போன்ற இடங்களில். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட்தான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்தியா–அமெரிக்கா பயணத்தை வைத்தே பேசுகிறது, ஏனென்றால் மிக்ஸி அதிகம் பயணம் செய்வது அந்த வழியில்தான்.

வாங்குவதற்கு முன் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். "100–240 வோல்ட்" என்றிருந்தால் அது இரண்டு ஊரிலும் ஓடும். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் அப்படித்தான். மிக்ஸியில் பெரும்பாலும் "230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட்" என்று ஒற்றை எண்தான் இருக்கும். பயணத்துக்கென்றே செய்த சில ஹேர் டிரையர்களில் 125/250 என்று ஒரு சிறிய திருகு சுவிட்ச் இருக்கும். நாணயத்தாலோ ஸ்க்ரூ டிரைவராலோ திருப்பிக்கொள்ளலாம். அது இருந்தால் கன்வெர்ட்டரை மறந்துவிடலாம். ஆனால் போன ஊரில் திருப்பியதை, திரும்பி வந்ததும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

## ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள்

கடையில் "கன்வெர்ட்டர்" என்று கேட்டால் இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்.

1. பிளக் அடாப்டர். முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றும். சுவரில் 120 வோல்ட் வந்தால் கருவிக்கும் 120 வோல்ட்தான் போகும். இதன்மேல் எழுதியிருக்கும் "10 ஆம்பியர், 250 வோல்ட்" என்பது அது தாங்கும் அளவு. அது கொடுக்கும் வோல்ட் என்று நினைத்துவிடக் கூடாது.

2. எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர். உள்ளங்கை அளவு, சில நூறு கிராம் எடை, மேலே 1600 வாட் அல்லது 2000 வாட் என்று பெரிய எழுத்து. இது மின்னலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. ஃபேன் ரெகுலேட்டர் செய்யும் அதே வேலைதான். வெட்டுவதால் குறைக்க முடியும், கூட்ட முடியாது. ஆகவே 230 வோல்ட் ஊரில் அமெரிக்கக் கருவியை ஓட்ட மட்டுமே இது உதவும். அதிலும் இஸ்திரிப் பெட்டி, சாதாரண ஹேர் டிரையர் போன்ற சூடாக்கும் கருவிகளுக்கு மட்டும், சில நிமிடங்களுக்கு மட்டும்.

3. டிரான்ஸ்ஃபார்மர். இரும்பு உள்ளகமும் செம்புச் சுருளும் கொண்ட கனமான பெட்டி. 120ஐ 240 ஆக ஏற்றினால் ஸ்டெப்-அப், 230ஐ 115 ஆக இறக்கினால் ஸ்டெப்-டவுன். பெரும்பாலான பெட்டிகள் இரண்டையும் செய்யும். அலையின் வடிவம் கெடாது. மோட்டாருக்கும் இதுதான், மின்னணுக் கருவிக்கும் இதுதான்.

இதிலிருந்து ஒரு முடிவு நேராக வருகிறது. இந்திய மிக்ஸியை அமெரிக்காவில் ஓட்ட வேண்டுமானால் மூன்றாவது வகையைத் தவிர வேறு வழி கிடையாது. உள்ளங்கைப் பெட்டியில் 2000 என்று எழுதியிருந்தாலும், 3000 என்று எழுதியிருந்தாலும், அது வோல்ட்டை ஏற்றித் தராது.

## வோல்ட் பாதியானால் வாட் காலாகும்

கன்வெர்ட்டர் இல்லாமல் நேராகச் செருகினால் என்ன ஆகும் என்று தெரிந்தால்தான் வாட் கணக்கு பிடிபடும்.

1200 வாட் இந்திய ஹேர் டிரையரை எடுத்துக்கொள்வோம். அதன் சூடாக்கும் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 44 ஓம். அந்தத் தடை எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கித் தடையால் வகுத்தால் வாட். 230 வோல்ட்டில் 1200 வாட் தரும் அதே கம்பி, 120 வோல்ட்டில் சுமார் 327 வாட்தான் தரும். வோல்ட் ஏறக்குறைய பாதியாகக் குறைய, சூடு கால் பங்குக்குச் சற்றே மேலாக இறங்கிவிடுகிறது. கருவி கெடாது. ஆனால் வெதுவெதுப்பான காற்று மெல்ல வரும், தலை காயாது.

திரும்பி வரும் வழியில் கதை வேறு. அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஹேர் டிரையர்களில் மிகவும் பரவலானது 1875 வாட். அதன் கம்பியின் தடை ஏறக்குறைய 8 ஓம்தான். அதைச் சென்னையில் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கணக்குப்படி ஏறக்குறைய 6,500 வாட், அதாவது சுமார் 28 ஆம்பியர். கம்பி ஒரு கணம் வெளிச்சமாகச் சிவந்து அறுந்துபோகும், அல்லது வீட்டு எம்சிபி விழும். இரண்டுக்கும் முன்னால் டிரையரின் பிளாஸ்டிக் உருகவும் வாய்ப்புண்டு.

## ஹேர் டிரையர்: எழுதிய வாட்டோடு கால் பங்கு

சூடாக்கும் கம்பிக்குத் தொடக்கப் பாய்ச்சல் என்று ஒன்று கிடையாது. சுவிட்ச் போட்ட நொடியில் எவ்வளவு இழுக்கிறதோ, ஐந்து நிமிடம் கழித்தும் ஏறக்குறைய அவ்வளவுதான் இழுக்கும். உள்ளே இருக்கும் சின்ன விசிறி மோட்டாரின் பங்கு மிகச் சிறியது. ஆகவே டிரையருக்குக் கணக்கு எளிது: லேபிளில் உள்ள வாட்டோடு கால் பங்கு கூட்டிக்கொண்டால் போதும். 1200 வாட் டிரையருக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர்.

அந்தக் கால் பங்கு எதற்கு? அமெரிக்காவில் விற்கும் ஸ்டெப்-அப் பெட்டிகள் பெரும்பாலும் உள்ளே வரும் வோல்ட்டை இரட்டிப்பாக்குபவை. 120 போனால் 240 வரும். 230க்குச் செய்த 1200 வாட் டிரையர் 240 வோல்ட்டில் சுமார் 1300 வாட் இழுக்கும். நீங்கள் எதையும் மாற்றாமலே நூறு வாட் கூடிவிட்டது. கூடவே, டிரான்ஸ்ஃபார்மர் தன் எல்லைக்கு மிக அருகில் ஓடினால் சூடு ஏறும். சூடு ஏற ஏற சுருளின்மேல் பூசிய வார்னிஷ் கருகும்.

ஆனால் டிரையர் விஷயத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாலேயே ஒரு வேலி இருக்கிறது. அது சுவர். அமெரிக்க வீடுகளின் சாதாரண சாக்கெட் இணைப்பு 15 ஆம்பியர். 120 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட். எவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் அந்தச் சாக்கெட்டிலிருந்து அதற்கு மேல் எடுக்க முடியாது. 2000 வாட் இந்திய டிரையரை ஸ்டெப்-அப் வழியாக ஓட்டினால், வோல்ட் கூடியதையும் டிரான்ஸ்ஃபார்மர் இழப்பையும் சேர்த்துச் சுவரிலிருந்து ஏறக்குறைய 19 ஆம்பியர் இழுக்கும். பிரேக்கர் டிரிப் ஆகும். "3000 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியும் கரண்ட் போகிறதே" என்று குழம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள். புதிய வீடுகளின் குளியலறை, சமையலறைச் சாக்கெட்டுகள் 20 ஆம்பியரில் இருக்கும். அங்கேயும் 2000 வாட் டிரையர் விளிம்பில்தான் ஓடும்.

இந்தியப் பக்கத்திலும் இதே வேலி உண்டு. அமெரிக்க 1875 வாட் டிரையருக்குக் கால் பங்கு கூட்டினால் சுமார் 2350, கடையில் கிடைப்பது 2500 அல்லது 3000 வாட் ஸ்டெப்-டவுன். 230 வோல்ட் பக்கத்தில் அது 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நம் வீட்டுப் படுக்கையறையில் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். ஏசிக்கும் கீசருக்கும் போட்ட 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில்தான் செருக வேண்டும். ஹோட்டல் குளியலறையில் "ஷேவருக்கு மட்டும்" என்று எழுதிய சாக்கெட்டில் 115/230 என்று இரண்டு துளைகள் இருப்பதைப் பார்த்து அதில் டிரையரைச் செருகுகிறவர்களும் உண்டு. அதன் பின்னால் இருப்பது சில பத்து வாட் மட்டுமே தாங்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்.

### குறைந்த சூட்டில் ஒரு கண்ணி

பலரும் செய்யும் யோசனை இது: "டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் சின்னதுதான், டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து ஓட்டலாம்." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மலிவான டிரையர்கள் பலவற்றில் குறைந்த சூடு என்பது ஒரு டையோடு மூலம் நடக்கிறது. மின்னலையின் ஒரு பாதியை அது அப்படியே நிறுத்திவிடும். சுவரில் நேராகச் செருகினால் இதனால் தொல்லை இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் செருகும்போது கரண்ட் ஒரே திசையில் இழுக்கப்படுவதால் இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிரம்பித் திணறும். பாதி வாட்தான் ஓடுகிறது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் முழு வாட்டில் ஓடியதைவிட அதிகமாக உறுமும், அதிகமாகச் சுடும். குறைந்த சூட்டுக்குத் திருப்பியதும் உறுமல் கூடினால் காரணம் இதுதான். உடனே நிறுத்திவிடுங்கள்.

அயனி வீசும் வசதி, டிஜிட்டல் சூட்டுக் கட்டுப்பாடு, பிரஷ் இல்லாத மோட்டார் எல்லாம் உள்ள விலையுயர்ந்த டிரையர்களுக்கு உள்ளங்கை எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் ஆகவே ஆகாது. வெட்டப்பட்ட அலையை அவற்றின் சர்க்யூட் போர்டு ஏற்காது. சில ஓடவே மறுக்கும், சில ஒரேயடியாகப் போய்விடும்.

## மிக்ஸி: இரண்டு மடங்கு கட்டாயம், மூன்று மடங்கு நிம்மதி

மிக்ஸியின் உள்ளே இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யூனிவர்சல் மோட்டார். இந்த மோட்டார் தான் சுற்றும்போது, வரும் வோல்ட்டுக்கு எதிராகத் தானே ஒரு வோல்ட்டை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்புதான் கரண்டை அளவோடு வைத்திருக்கிறது. மோட்டார் நின்றிருக்கும்போது எதிர்ப்பு இல்லை. ஆகவே சுவிட்சைத் திருப்பிய முதல் கணத்தில், ஓட்டத்தில் இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் பாயும். வேகம் பிடித்ததும் இறங்கிவிடும்.

அந்த ஒரு கணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. சமையலறையில் மிக்ஸி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஊறிய உளுந்து ஜாரில் கெட்டியாக இருக்கிறது. பிளேடு திணறுகிறது. வேகம் குறையும்போது எதிர் வோல்ட்டும் குறையும், கரண்ட் ஏறும். தேங்காய்ச் சில்லு ஒன்று பிளேடுக்கு அடியில் மாட்டினால் ஒரு நொடி மோட்டார் ஏறக்குறைய நின்றேவிடும். மறுபடியும் தொடக்கத்தில் பாய்ந்த அதே கரண்ட். அதோடு நாம் விப்பரைத் தட்டித் தட்டி ஓட்டுகிறோம். ஒவ்வொரு தட்டலும் ஒரு புதிய தொடக்கம். லேபிளில் உள்ள 750 வாட் இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் சொல்வதில்லை.

ஆகவே மிக்ஸிக்கு:

1. லேபிள் வாட்டைப்போல இரண்டு மடங்கு என்பது குறைந்தபட்சம்.
2. கெட்டியான மாவு, தேங்காய், காய்ந்த மிளகாய் என்று தினமும் அரைப்பவர்களுக்கு மூன்று மடங்குக்கு அருகில்.
3. 500 வாட் மிக்ஸிக்கு 1000 முதல் 1500 வாட் வரை. 750 வாட் மிக்ஸிக்கு 1500 முதல் 2000 வாட் வரை.

நல்ல தரமான, எழுதிய அளவு உண்மையாகவே தரும் 1000 வாட் டிரான்ஸ்ஃபார்மரில் 750 வாட் மிக்ஸி ஓடத்தான் செய்யும். டிரான்ஸ்ஃபார்மர் சில நொடிச் சுமையைத் தாங்கும் பொருள்தான். ஆனால் சுமை ஏறும்போது சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட் கீழே இறங்கும். வோல்ட் இறங்கினால் மிக்ஸிக்கு வலு குறையும், பிளேடு மாட்டிக்கொள்வது கூடும், மாட்டினால் கரண்ட் ஏறும், வோல்ட் இன்னும் இறங்கும். இந்தச் சுழலில் சிக்கிக் கடைசியில் போவது டிரான்ஸ்ஃபார்மரின் ஃபியூஸ், அல்லது மிக்ஸியின் சுருள். கடையில் கிடைக்கும் பெட்டிகளின் எண் பெரும்பாலும் ஊதிப்பெருக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மடங்குக்குக் கீழே இறங்க எனக்கு மனம் வராது.

மிக்ஸியை 120 வோல்ட்டில் நேராகச் செருகுவதும் பாதுகாப்பானதில்லை. காலி ஜாரோடு சுற்றும், அதனால் ஓடுகிறது என்று தோன்றும். உளுந்தைப் போட்டதும் நின்றுவிடும். நின்ற மோட்டாரில் கரண்ட் மட்டும் பாய்ந்துகொண்டிருக்கும், குளிர்விக்கும் விசிறியும் சுற்றாது. கருகிய வாடை வரும்வரை விடக் கூடாது.

## ஒரு கணக்கு, முதலிலிருந்து கடைசிவரை

சென்னையிலிருந்து நியூ ஜெர்சியில் உள்ள ஒரு அபார்ட்மென்டுக்கு 750 வாட் மிக்ஸி போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. லேபிள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட். ஒற்றை வோல்ட். ஆகவே ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

2. பெருக்கல். 750ஐ இரண்டால் பெருக்கினால் 1500, மூன்றால் பெருக்கினால் 2250. கடையில் 1500, 2000, 3000 கிடைக்கும். 2000 சரியான இடம்.

3. சுவர். 2000 வாட் டிரான்ஸ்ஃபார்மர் 15 ஆம்பியர் சாக்கெட்டின் 1800 வாட்டைவிடப் பெரியதாயிற்றே என்று கவலை வரலாம். டிரான்ஸ்ஃபார்மர் தன் எண் முழுவதையும் எப்போதும் இழுப்பதில்லை. மிக்ஸி கேட்பதை மட்டும்தான், கொஞ்சம் இழப்போடு சேர்த்து, சுவரிலிருந்து எடுக்கும். ஓட்டத்தில் அது ஏறக்குறைய 7 ஆம்பியர். தொடக்கத்தின் கணநேர ஏற்றத்தைப் பிரேக்கர் பொறுத்துக்கொள்ளும்.

4. கூட ஓடுவது. அதே இணைப்பில் மைக்ரோவேவ் ஓடினால் அது மட்டுமே 12 ஆம்பியர் வரை எடுக்கும். இரண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியர் பிரேக்கர் விழும். சட்னி அரைக்கும்போது மைக்ரோவேவ் வேண்டாம்.

5. வயர். டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில் நேராகச் செருக வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் நடுவில் வந்தால் 120 வோல்ட் பக்கத்தில்தான் அது அதிகம் சுடும், ஏனென்றால் அங்கேதான் ஆம்பியர் இரட்டிப்பு.

6. பிளக். மிக்ஸியில் மூன்று முள் பிளக் என்றால், டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் துளையும், சுவரில் மூன்று துளைச் சாக்கெட்டும் இருக்க வேண்டும். எர்த் முள்ளை வெட்டிவிட்டுச் செருகும் வேலை வேண்டாம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். சுவர் மின்சாரத்துக்கும் கருவிக்கும் நடுவே அவை தடுப்பு எதையும் போடுவதில்லை.

7. ஓட்டும் வரிசை. மிக்ஸியின் சுவிட்ச் பூஜ்யத்தில் இருக்கட்டும். முதலில் டிரான்ஸ்ஃபார்மரை ஆன் செய்து, ஓரிரு நொடி கழித்து மிக்ஸியை ஒன்றாம் வேகத்தில் தொடங்குங்கள். நேராக மூன்றுக்குத் திருப்பாதீர்கள். அரைத்து முடித்ததும் டிரான்ஸ்ஃபார்மரையும் அணைத்துவிடுங்கள். சும்மா இருந்தாலும் அது கொஞ்சம் கரண்டைச் சூடாக்கி வீணாக்கும்.

பல மிக்ஸிகளில் 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் ஓய்வு என்று ஒரு கணக்கு அச்சிட்டிருக்கும். வெளிநாட்டிலும் அதைக் கடைப்பிடித்தால் மிக்ஸிக்கும் நல்லது, டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும்.

இதே மிக்ஸி ஜப்பானுக்குப் போனால் கணக்கு கொஞ்சம் மாறும். இரட்டிப்பாக்கும் பெட்டி அங்கே 100ஐ 200 ஆகத்தான் ஏற்றும். மிக்ஸி ஓடும், ஆனால் மெதுவாகவும் வலுக்குறைவாகவும். 100 வோல்ட்டுக்கென்றே செய்த ஸ்டெப்-அப் வாங்குவதே சரி.

## பெட்டியில் எழுதிய வாட் உண்மையா?

கடைக்காரர் சொல்வதை நம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது ஃபியூஸ். பெட்டியின் பின்புறம் ஃபியூஸின் ஆம்பியர் எழுதியிருக்கும். உள்ளே வரும் பக்கத்து ஃபியூஸாக இருந்தால் அதைச் சுவரின் வோல்ட்டால் பெருக்குங்கள். 120 வோல்ட் பக்கத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிட்டு மேலே 2000 வாட் என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டி 1200 வாட்டுக்கு மேல் தொடர்ந்து தரப்போவதில்லை. எழுதியவருக்கே அது தெரியும், அதனால்தான் அந்த ஃபியூஸ்.

இரண்டாவது எடை. வாட் கூடக் கூட இரும்பும் செம்பும் கூட வேண்டும், குறுக்கு வழி கிடையாது. 2000 வாட் டிரான்ஸ்ஃபார்மர் பல கிலோ எடை இருக்கும், ஒரு கையால் தூக்கினால் கை இழுக்கும். அதே கடையில் பக்கத்தில் இருக்கும் வேறொரு கம்பெனியின் 2000 வாட் பெட்டியையும் தூக்கிப் பாருங்கள். பாதி எடைதான் என்றால், அதில் எழுதிய வாட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, "அதிகபட்சம்" என்ற சொல். சில பெட்டிகளில் பெரிய எழுத்தில் இருப்பது சில நிமிடம் மட்டும் தாங்கும் உச்ச வாட். தொடர்ந்து ஓடும் வாட் கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். நம் கணக்கு எல்லாமே தொடர்ந்து ஓடும் வாட்டை வைத்துத்தான். சில பெட்டிகளில் வாட்டுக்குப் பதில் வி.ஏ. என்றிருக்கும். மிக்ஸிக்கும் டிரையருக்கும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். மேலே கூட்டிய இடைவெளி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

கூடவே, பின்புறத்தில் 110/220 என்று ஒரு நழுவும் சுவிட்ச் இருந்தால் அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவையுங்கள். சுவர் 230 வோல்ட்டாக இருக்கும் ஊரில் அந்தச் சுவிட்ச் 110ல் இருந்தால், பெட்டி அதையும் இரட்டிப்பாக்க முயலும். 460 வோல்ட்டில் எந்த வீட்டுக் கருவியும் பிழைக்காது.

## 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ்

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸிக்கும் சாதாரண டிரையருக்கும் இதனால் பாதகமில்லை. யூனிவர்சல் மோட்டார் பேட்டரியின் நேர்மின்சாரத்தில்கூட ஓடக்கூடியது. சூடாக்கும் கம்பிக்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டே இல்லை.

வெட் கிரைண்டர் அப்படியில்லை. அதில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். கல் வேகமாகச் சுற்றினால் மாவு சூடாகும், பெல்ட்டுக்கும் சுமை கூடும். எத்தனை வாட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. மிக்ஸிக்கு வாங்கிய பெட்டியிலேயே கிரைண்டரையும் ஓட்டிவிடலாம் என்று எடுத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் ஹெர்ட்ஸ் இடறும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று செய்த டிரான்ஸ்ஃபார்மரை அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தால், 50 ஹெர்ட்ஸில் அதன் இரும்புக்கு வேலை கூடும். சுமையே இல்லாதபோதும் உறுமும், சுடும். லேபிளில் 50/60 என்று இரண்டும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

## பத்தவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

காலி ஜாரில் நன்றாக ஓடி, மாவு போட்டதும் மிக்ஸியின் சத்தம் கீழே இறங்கினால் வோல்ட் சரிகிறது என்று பொருள். ஊரில் அதே மாவுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்பது அரைத்தவர் காதுக்குத் தெரியும், அதை நம்பலாம். மிக்ஸியின் அடியில் உள்ள சிவப்பு ஓவர்லோடு பட்டன் ஊரில் விழாதது இங்கே அடிக்கடி விழுந்தாலும் அதே காரணமாக இருக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மரின் லேசான உறுமல் இயல்பு. ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் வெதுவெதுப்பாக இருப்பதும் இயல்பு. உள்ளங்கையை மூன்று நொடி வைக்க முடியாத சூடும், பெயின்ட் காய்வது போன்ற வாடையும் இயல்பில்லை. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதிலாகச் சுருளே எரியும்.

எதையும் செருகாமல் டிரான்ஸ்ஃபார்மரை ஆன் செய்த கணத்தில் மட்டும் எப்போதாவது வீட்டுப் பிரேக்கர் விழுந்தால் பயப்பட வேண்டாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு காந்தமேறும் முதல் கணத்தில் நிறைய கரண்டை விழுங்கும். மறுபடி போட்டால் பிரேக்கர் விழாமல் நிற்கும். ஒவ்வொரு முறையும் விழுந்தால் பெட்டியில் கோளாறு.

## எப்போது வாங்காமல் விடலாம்?

ஹேர் டிரையருக்கு என் பதில் திட்டவட்டமானது: டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டாம். 1875 வாட் டிரையரை ஊரில் ஓட்ட 2500 வாட் பெட்டி வேண்டும். அது டிரையரைவிடப் பல மடங்கு கனமானது, விலையும் அதிகம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்குக்குப் போன ஊரிலேயே டிரையர் கிடைக்கும். அடிக்கடி பயணம் செய்பவர் 125/250 சுவிட்ச் உள்ள டிரையர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

மிக்ஸிக்குப் பதில் தங்கும் காலத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் வருடக்கணக்கில் தங்கப் போகிறவருக்கு, தமிழ்நாட்டு மிக்ஸி நிறுவனங்களே 110 வோல்ட்டுக்குச் செய்து விற்கும் மாடல்கள் இருக்கின்றன. ஜாரும் பிளேடும் நமக்குப் பழகியவை, டிரான்ஸ்ஃபார்மர் மேடையை அடைக்காது. அதை ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து 230 வோல்ட்டில் செருகிவிடக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். சில நொடிகளில் வீறிட்டுச் சுற்றிப் புகைந்துவிடும்.

ஆறு மாதம் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிற அம்மாவுக்கு, கையில் ஏற்கெனவே நல்ல 750 வாட் மிக்ஸி இருந்தால், 2000 வாட் ஸ்டெப்-அப் நியாயமான செலவு. அதை இங்கிருந்து பெட்டியில் சுமந்து போகாமல் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். விமானப் பெட்டியின் 23 கிலோவில் அதற்குப் போகும் எடைக்கு மிளகாய்த்தூளும் புளியும் கொண்டுபோகலாம்.